முதல் உலகப் போர் விடை: உன் வரைவும் சுருக்கிய வடிவமும்

தம்பி, நீ அனுப்பிய விடையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறாய், ஆனால் சொற்களுக்குள் செய்தி புதைந்து கிடக்கிறது. முதலில் உன் வரைவை அப்படியே தருகிறேன். அடுத்து நான் மாற்றி எழுதியது. என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பது அதற்கப்புறம்.

கேள்வி: முதல் உலகப் போர் வெடித்ததற்கான காரணங்களை விளக்குக.

உன் வரைவு:

"உலக வரலாற்றின் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போமேயானால், மனித குலம் அதுவரை கண்டும் கேட்டும் இராத மாபெரும் பேரழிவாகத் திகழ்ந்த முதல் உலகப் போரானது, 1914 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28 ஆம் நாளன்று சாராயெவோ என்னும் நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் அவர்கள் செர்பிய அரசால் கொடூரமான முறையில் படுகொலை செய்யப்பட்டதன் காரணமாக உடனடியாக வெடித்தது என்பது அனைவரும் அறிந்த உண்மையாகும். ஆயினும் இதன் பின்னணியில் பல்வேறு காரணங்கள் இருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. அக்காலகட்டத்தில் ஐரோப்பிய வல்லரசுகளிடையே நிலவிய முரண்பட்ட நலன்களின் விளைவாக, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகிய நாடுகள் ஓர் அணியாகவும், பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நாடுகள் மற்றோர் அணியாகவும் பிரிந்து நின்று, ஒப்பந்தங்களின்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போரில் குதித்தன. மேலும் ஜெர்மனி பெல்ஜியத்தின் நடுநிலைமையை மதியாமல் படையெடுத்ததும், ராணுவவாதம், தீவிர தேசியவாதம் போன்றவை தலைதூக்கியதும் இப்போருக்கு வழிவகுத்தன என்று கூறினால் அது மிகையாகாது."

மாற்றி எழுதியது:

"முதல் உலகப் போருக்கு நீண்டகாலக் காரணங்களும் ஓர் உடனடிக் காரணமும் உண்டு.

ஐரோப்பிய வல்லரசுகள் 1914க்கு முன்பே இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை 1882 இல் கூட்டணி அமைத்தன. பிரான்சும் ரஷ்யாவும் 1894 இல் ராணுவக் கூட்டணி அமைத்தன. பிரிட்டன் 1904 இல் பிரான்சுடனும், 1907 இல் ரஷ்யாவுடனும் உடன்பாடு கண்டது. ஆனால் போரில் சேர்ந்தே தீர வேண்டும் என்று அந்த உடன்பாடுகள் பிரிட்டனைக் கட்டுப்படுத்தவில்லை.

வல்லரசுகள் தங்கள் படைகளைப் பெருக்கின. பிரிட்டனும் ஜெர்மனியும் போர்க்கப்பல் கட்டுவதில் போட்டியிட்டன. பால்கன் பகுதியில் தேசியவாதம் வலுத்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி 1908 இல் போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. செர்பியா அதை எதிர்த்தது.

1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சாராயெவோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் கவ்ரிலோ பிரின்சிப் என்ற போஸ்னிய செர்பியர். ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவைக் குற்றம் சாட்டியது. ஜெர்மனி ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஆதரவு உறுதி தந்தது. ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை போனது. செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றது, எல்லாவற்றையும் அல்ல. ஜூலை 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது.

செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனி ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா மீதும், ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 உடன்படிக்கை உறுதி அளித்திருந்தது. பிரிட்டன் அதே நாளில் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. இத்தாலி அப்போது நடுநிலை வகித்தது."

இப்போது ஒப்பிட்டுப் பார். உன் முதல் வாக்கியத்தை ஒரே மூச்சில் படிக்க முடியாது. அதில் செய்தி என்று இருப்பது நான்கு: யார் இறந்தார், எங்கே, எப்போது, யார் கொன்றார். மற்றதெல்லாம் அலங்காரம். "பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போமேயானால்", "அனைவரும் அறிந்த உண்மை", "மறுப்பதற்கில்லை", "மிகையாகாது" ஆகிய நான்கையும் அடித்துவிட்டேன். அவை போனதால் ஒரு செய்தியும் குறையவில்லை.

அலங்காரத்தைக் களைந்ததும் அடியில் பிழைகள் தெரிந்தன. நான் கவலைப்பட்டது இவற்றைப் பார்த்துத்தான். "செர்பிய அரசால்" என்று எழுதியிருக்கிறாய். சுட்டவர் பிரின்சிப். செர்பிய ராணுவ உளவுத்துறையின் தலைவருக்குச் சதியில் தொடர்பு உண்டு என்பது வேறு விஷயம். அதை வைத்து அரசே கொலை செய்தது என்று சொல்ல முடியாது. "ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவைக் குற்றம் சாட்டியது" என்றால் அது நடந்த செய்தி. குற்றச்சாட்டையும் உண்மையையும் ஒன்றாக்கக் கூடாது.

அடுத்து "உடனடியாக". கொலைக்கும் முதல் போர் அறிவிப்புக்கும் நடுவே சரியாக ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் ஜெர்மனியின் வாக்குறுதி, இறுதி எச்சரிக்கை, செர்பியாவின் பதில் எல்லாம் வருகின்றன. கேள்வி கேட்பதே அதைத்தான். "உடனடி" என்ற சொல்லை நானும் ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன், "உடனடிக் காரணம்" என்று. அது காரணத்தின் வகை, போர் தொடங்கிய வேகம் அல்ல.

இத்தாலியைப் பார். கூட்டணியில் இருந்தது சரி, ஆனால் 1914 இல் போரில் சேரவில்லை. 1915 இல் எதிரணியில் சேர்ந்தது. "ஒப்பந்தங்களின்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போரில் குதித்தன" என்ற ஒரே வீச்சில் இத்தாலியையும் தவறாகச் சேர்த்துவிட்டாய், பிரிட்டனுக்கு இல்லாத கட்டாயத்தையும் கொடுத்துவிட்டாய். நீளமான வாக்கியத்தில் ஆறு நாடுகளுக்கும் ஒரே வினைச்சொல் போட்டால் இப்படித்தான் ஆகும். நாட்டுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தால், "இத்தாலி எப்போது போர் அறிவித்தது?" என்று நீயே தேடிப் போயிருப்பாய்.

பெல்ஜியம் பற்றிய வரியை இடம் மாற்றியிருக்கிறேன். ராணுவவாதத்தோடு சேர்த்து அதைப் போரின் காரணமாகப் போட்டிருந்தாய். ஆனால் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் போனபோது ஆஸ்திரியா-ஹங்கேரியின் போர் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. பிரிட்டன் போர் அறிவித்ததற்குத்தான் அது நேரடிக் காரணம், அதனால் அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

"ராணுவவாதம் தலைதூக்கியது" என்பதை "படைகளைப் பெருக்கின", "போர்க்கப்பல் கட்டுவதில் போட்டியிட்டன" என்று பிரித்தேன். "வாதம்" என்று முடியும் சொல்லை எழுதினால், அடுத்த வாக்கியத்தில் யார் என்ன செய்தார்கள் என்று சொல். தேசியவாதத்துக்கு போஸ்னியாவை வைத்தது அதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் சுருக்கவில்லை, கவனித்தாயா? "செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றது, எல்லாவற்றையும் அல்ல." இதை "செர்பியா மறுத்தது" என்று வெட்டினால் வாக்கியம் சின்னதாகும், ஆனால் பொய்யாகிவிடும். "பெரும்பாலான", "அப்போது", "ஆனால்" மாதிரிச் சொற்களில் கை வைக்கும் முன் ஒரு முறை யோசி.

மாற்றிய விடை உன்னுடையதைவிட நீளமாக இருக்கிறதே என்று கேட்பாய். உண்மைதான். நீ விட்டுவிட்ட தேதிகளும் நடுவில் நடந்தவையும் சேர்ந்ததால் வந்த நீளம் அது. நேரம் போதாவிட்டால் 1904, 1907 வரிகளை "பிரிட்டன் பின்னர் இரண்டு நாடுகளுடனும் உடன்பாடு கண்டது" என்று ஒன்றாக்கிக்கொள். அதற்கு அடுத்து வரும் "ஆனால்" வாக்கியம் அப்படியே இருக்கட்டும். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 4 வரையுள்ள வரிசையில் ஒன்றையும் எடுக்காதே.