சேகருக்கு, செக்கு விஷயமாக

காட்பாடி
17.8.2025

அன்பு சேகர்,

செவ்வாய்க்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து இரண்டு முறை போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ ஏதாவது கிண்டலடிப்பாய், நான் சிரிப்பேன், கடைசியில் "பார்க்கலாம்டா" என்று சொல்லிவிடுவேன். என் வாயிலிருந்து வரும் அந்தப் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், ஆளை இரண்டு மாதம் காக்க வைக்கும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ ஆரம்பிக்கப் போகும் கடலை எண்ணெய்ச் செக்கில் நான் பணம் போடவில்லைடா. நீ கேட்ட ஐந்து லட்சமும் இல்லை, "சரி, ரெண்டாவது போடு" என்று நீ இறங்கி வந்தாலும் இல்லை. பார்ட்னராக வேண்டாம், கைமாற்றாகக் கொடு என்றாலும் இதே பதில்தான். மெஷின்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாய். என் பெயரை இன்றைக்கே அடித்துவிட்டால் வேறு வழி பார்க்க உனக்கு நேரம் இருக்கும். இவ்வளவு பட்டென்று எழுதுவது அதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதே.

பணம் இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற முடியாது. பாகாயம் மனையை விற்றபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நீதான். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் ஊரில் எந்த ஆம்பிளைக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராவிட்டால் உடனே பெண்டாட்டியைக் காட்டிவிடுவான், பாவம் அவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது. இங்கே நடந்தது நேர் எதிர். "சேகர் அண்ணன் வாய் திறந்து கேட்டுட்டார், கொடுங்களேன்" என்று உனக்காக வாதாடியவள் அவள்தான். அடுத்த தடவை வரும்போது அவளை முறைக்காதே, காபி கிடைக்காது.

அந்தப் பணத்துக்கு வேலை இருக்கிறது. பெரியவள் பிளஸ் டூ. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, சி.எம்.சி.யில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் இதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஒன்றரை லட்சமாவது என்னால் போட முடியும். போட மாட்டேன் என்பதற்குக் காரணம் வேறு, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சித்தப்பா மகன் மொபைல் கடை வைத்தான், ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு நாற்பதாயிரம் கொடுத்தேன். எழுத்து கிடையாது, வட்டி கிடையாது, லாபம் வந்தால் பார்த்துச் செய் என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அடுத்த தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஒரு புது ஃப்ரிட்ஜ் நின்றது. அவன் பெண்டாட்டி அதிலிருந்து ஜில்லென்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே, இது இருபத்தைந்து இருக்குமா, முப்பது இருக்குமா என்று மனசுக்குள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். அது அவன் மாமனார் வாங்கிக் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகும் என் கண் அடங்கவில்லை. அவன் புதுச் சட்டை போட்டால் பார்த்தேன், பிள்ளையை வேன் வைத்து ஸ்கூலுக்கு அனுப்பினால் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை, எதையும் விடவும் இல்லை. இரண்டு வருடத்தில் முழுப் பணத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். எண்ணி வாங்கிக்கொண்டேன். ஆனால் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அவன் கை சட்டைப் பையைத் தடவுகிறது, எனக்கு எதுவும் பாக்கி இல்லாதபோதும்.

அவன் தப்பானவன் இல்லை. பணம் கொடுத்தால் எனக்குக் கண் மாறிவிடுகிறது. சொசைட்டியில் இருபது வருடமாகக் கடன் பேப்பர் பார்த்துப் பார்த்து வந்த குணமா, பிறவிக் குணமா, தெரியவில்லை. உன் வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒரு இலைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு இஷ்டமில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தவன் நான். நீ மிதிப்பாய், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி சொல்வேன். அதையே தொடர்ந்து செய்கிறேன்.

வழி சொல்லும் வேலையை இந்தக் கடிதத்திலேயே ஆரம்பித்துவிடுகிறேன், ஏனென்றால் உன் கணக்கு நோட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மெஷின், ஷெட், மின் இணைப்பு, லேபிள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் லைன் பார்த்தவன் கை அதில் தெரிகிறது. ஒரே ஓட்டை மல்லாட்டை வாங்கும் இடத்தில். மொத்தம் பதினாலு லட்சத்தில் சரக்குக்கு என்று இரண்டு லட்சம்தான் ஒதுக்கியிருக்கிறாய். மூன்று செக்கும் சேர்ந்து நாளைக்கு 100 கிலோ பருப்பு ஆட்டினால், மாதம் 25 நாளைக்கு 2,500 கிலோ. நீ போட்ட 125 ரூபாய் விலையிலேயே மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. அது ஒரு மாதத்துக்கு. அறுவடை நேரத்தில் கே.வி.குப்பத்துக் களத்துமேட்டிலேயே வாங்கி நிரப்பி வைத்தால்தான் விலை கட்டும் என்று நீதானே சொன்னாய்? மூன்று மாதச் சரக்கு என்றாலே ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கியதை நன்றாகக் காய வைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் அந்த எண்ணெயை யாருக்கும் விற்கக்கூடாது. மெஷினை ஒன்று குறைத்து ஆரம்பித்தாலும் பரவாயில்லை, சரக்குப் பணத்தைக் கூட்டு.

ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ பருப்பு என்று நீ எடுத்தது சரிதான். புண்ணாக்கு விற்கும் பணத்தை முழுதாக வரவில் எழுதியிருக்கிறாய், அதில் கொஞ்சம் கடன் நிற்கும். மாட்டுக்காரர்கள் பால் பணம் வந்தால்தான் தருவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மாவட்ட தொழில் மையத்துக்கு ஒரு நடை போ. பி.எம்.இ.ஜி.பி. என்று ஒரு திட்டம் இருக்கிறது, பிரதமர் பெயரில் வரும் சுயதொழில் கடன். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். நீ பி.சி., ஷெட் கிராமத்தில். அப்படியானால் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும், மானியம் 35 சதவீதம். பதினாலு லட்சத்தில் 35 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பார்: நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். என்னிடம் நீ கேட்டதற்குப் பத்தாயிரம்தான் குறைவு! பேங்க் முதலில் கடனாகத்தான் கொடுக்கும், மானியம் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும், அதனால் கையில் காசு வந்த மாதிரி நினைத்துவிடாதே. மேனேஜர் நாலு தடவை அலைய விடுவார், அதுவும் நிச்சயம். ஆனால் இது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். முன்பே ஓடிக்கொண்டிருந்தால் கிடையாது. ஆகையால் விண்ணப்பம் போய், பேங்க் சரி என்று சொல்லும் வரை மெஷின்காரருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதே. அவர் "ஆஃபர் முடிஞ்சிடும் சார்" என்பார். முடியட்டும்.

இன்னொன்று, உன் மச்சான் மூன்று லட்சம் போடுகிறார், "பார்ட்னர்னு ஒரு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்றாய். அது வேண்டாம். கூட்டு வியாபாரம் என்றால் 1932ஆம் வருடச் சட்டப்படி கடன் மொத்தத்துக்கும் ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு. செக்குக்கு வாங்கிய கடன் நின்றால் மூன்று லட்சம் போட்டவர் மூன்று லட்சத்தோடு தப்ப முடியாது, அவர் வீடு வரை வரும். அவருக்கு இது தெரியுமா என்று முதலில் கேள். திட்டக் கடனும் தனி ஆள் பெயரில்தான். தொழில் உன் பெயரில் இருக்கட்டும், மச்சான் பணத்தைக் கடனாக எழுதி, எப்போது திருப்பித் தருவாய் என்பதையும் எழுதிக்கொள். பேங்கில் ஜாமீன் கேட்டால் மட்டும் என்னிடம் வராதே, அதுவும் இந்தக் கடிதத்தில் அடக்கம்.

அப்பாடா, கஷ்டமானதெல்லாம் முடிந்தது.

என்னால் ஆவதைச் சொல்கிறேன். திட்ட அறிக்கையை நான் எழுதித் தருகிறேன், பேங்க்காரர்கள் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தொடங்கிய பிறகு முதல் ஒரு வருடம் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து கணக்கு எழுதித் தருகிறேன், சம்பளம் மத்தியானச் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணி என்றால் மறுக்க மாட்டேன், ஆனால் அதைக் கடைச் செலவில் எழுத விடமாட்டேன். எங்கள் வீட்டுக்கு மாதம் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய், முழு விலை. நண்பன் விலை என்று குறைத்தாயானால் சத்துவாச்சாரியில் வேறு செக்கு தேடிப் போய்விடுவேன். சொசைட்டியில் எட்டுப் பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு சாம்பிள் பாட்டில் கொடு. எண்ணெய் நன்றாக இருந்தால் மட்டும் அவர்களிடம் சொல்வேன், இல்லாவிட்டால் உன்னிடம் சொல்வேன்.

திறப்பு விழாவுக்கு 5,001 மொய் வைக்கிறேன். அதை நோட்டில் ஏற்றாதே, திருப்பிச் செய்யவும் வேண்டாம். முதல் நாள் ஆட்டும் மல்லாட்டை அந்தப் பணத்தில் வாங்கியதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

இதைப் படித்ததும் உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். உன் இடத்தில் இருந்தால் எனக்கும் இருக்கும். நாலு நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, அதற்கு மேல் போனால் நானே வந்து கதவைத் தட்டுவேன். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோட்டை வாசலில் இருப்பேன், அகழி ஓரமாகக் கொஞ்சம் நடக்கலாம். செக்கைப் பற்றிப் பேசலாம், பேசாமலும் நடக்கலாம். வரும்போது ஆதார், சாதிச் சான்றிதழ், டி.சி. மூன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா. உன் டி.சி.யில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது என்று பத்தாவதிலேயே சண்டை போட்டாயே, அதைத் திருத்தினாயா இல்லையா?

உன்,
ரவி