பெட்டி தாமதம்: அவசரத்துக்கு வாங்கிய உடை, கழிப்பறைப் பொருட்களுக்கான கிளைம்

சென்னை – 600 040
24.11.2025

பெறுநர்:
மேலாளர், வெளிநாட்டுப் பயணக் காப்பீடு, கிளைம் பிரிவு, சென்னை

பொருள்: பாலிசி எண் 4107/2025/038862, கிளைம் எண் 25-11-7093. செக்-இன் பெட்டி 74 மணி 35 நிமிடம் தாமதம். கோரும் தொகை 108.50 பவுண்டு.

ஐயா, வணக்கம்.

9.11.2025, ஞாயிறு அன்று சென்னையிலிருந்து மும்பை வழியாக ஒரே டிக்கெட்டில் லண்டன் ஹீத்ரோ சென்றேன். சென்னையிலேயே லண்டன் வரை டேக் போட்டு அனுப்பிய ஒரே பெட்டி (டேக் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 418326) வந்து சேரவில்லை. விமானம் தரையிறங்கியது மாலை 5.40. சுங்கப் பகுதியைத் தாண்டும் முன்பே, 6.55-க்கு, பெட்டிகள் வரும் கூடத்து கவுன்டரில் புகார் பதிந்து பி.ஐ.ஆர். வாங்கினேன். மும்பையில் விமானம் மாறும்போது பெட்டி ஏற்றப்படாமல் விடுபட்டதாக விமான நிறுவனம் கடிதம் கொடுத்திருக்கிறது. சுங்கத்தில் நிறுத்திவைத்ததால் வந்த தாமதம் இல்லை என்பதற்கும் அந்தக் கடிதமே சான்று.

பெட்டி 12.11.2025 இரவு 8.15-க்கு ஹோட்டல் வரவேற்பறைக்கு வந்தது. நேரத்துடன் கையொப்பமிட்ட டெலிவரி சீட்டை இணைத்துள்ளேன். எல்லா நேரமும் லண்டன் நேரம்.

மூன்று பில்கள்:

9.11 இரவு 9.20. பல் துலக்கி 2.50, பற்பசை 2.25, ஷாம்பு 3.00, டியோடரன்ட் 2.75, ரேசர் 4.50, சீப்பு 1.50. ஆக 16.50. பில்லில் 18.30 என்றிருக்கும், அதிலுள்ள சாக்லேட் 1.80-ஐ அடித்துவிட்டேன், அதைக் கேட்கவில்லை.

10.11 காலை 9.40. உள்ளாடை ஐந்து கொண்ட பாக்கெட் 14.00, காலுறை மூன்று ஜோடி 6.00, முழுக்கைச் சட்டை இரண்டு 36.00, பேன்ட் 25.00, குளிர் தாங்கும் உள்பனியன் 12.00. ஆக 93.00.

11.11 மாலை 6.10. கம்பளி ஸ்வெட்டர் 24.00.

மொத்தம் 133.50. விமான நிறுவனம் உடனடிச் செலவுக்கென்று கொடுத்த 25.00-ஐக் கழித்தால் 108.50. பாலிசியின் இந்தப் பிரிவுக்கான உச்சவரம்பு 200 டாலருக்குள் இது அடங்கும்.

சில கேள்விகள் எழும் என்பதால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் பில் 12 மணி நேரம் முடிவதற்கு முன்பு போட்டது. ஆனால் பாலிசி வாசகம் ‘பெட்டி 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அவசியப் பொருட்களுக்கான செலவு தரப்படும்’ என்பது. தாமதம் எவ்வளவு என்பதுதான் நிபந்தனை, எப்போது வாங்கினேன் என்பதற்கு வரம்பு இல்லை. பல் துலக்க விடியும்வரை காத்திருக்கச் சொல்லும் விதி அதில் இல்லை. உடைகளை அன்றிரவே வாங்காததற்குக் காரணம், இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிறன்று மாலை 6 மணிக்குமேல் திறந்திருப்பதில்லை. மறுநாள் காலை 11.30-க்கு வணிகச் சந்திப்பு இருந்தது (அழைப்புக் கடிதம் இணைப்பில்). போட்டிருந்தது டி-சர்ட்டும் ஜீன்ஸும். ஆகவே முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும். ஸ்வெட்டரை ஒரு நாள் தள்ளி வாங்கினேன், 10-ம் தேதி இரவே பெட்டி வந்துவிடும் என்று விமான நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியை நம்பியதால். அதன் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது.

வாங்கிய உடைகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன என்று தேய்மானம் கழிக்க வேண்டாம். அது பெட்டி தொலைந்த கிளைமுக்குப் பொருந்தும் கணக்கு. தாமதப் பிரிவில் செலவைத்தான் ஈடுகட்டுகிறீர்கள். வாட் வரி திரும்பப் பெற்றிருப்பேனோ என்ற ஐயமும் வேண்டாம். பயணிகள் கடையில் வாங்கிக் கையில் எடுத்துவரும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தை பிரிட்டன் 2021-லேயே நிறுத்திவிட்டது.

மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமான பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 14.11.2025 அன்று முறையிட்டேன். அவர்களுடைய ஏற்புச் சீட்டு இணைப்பில். எனக்குக் கொடுத்த தொகையை அவர்களிடம் நீங்கள் வசூலிக்க விரும்பினால் அந்த உரிமை இதனால் கெடாமல் இருக்கிறது. அவர்கள் இனி ஏதாவது கொடுத்தால் உங்களுக்குத் தெரிவிப்பேன்.

பணம் பவுண்டு நிரப்பிய ஃபாரெக்ஸ் அட்டையில் போனது; ரூபாயாக மாற்ற எந்தத் தேதியின் விகிதத்தை எடுத்தீர்கள் என்பதைத் தீர்வுக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். எந்தப் பொருளையாவது மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று பொருள்வாரியாக எழுத்தில் சொல்லுங்கள்.

இணைப்பு: நிரப்பிய கிளைம் படிவம், பாலிசி நகல், டிக்கெட், இரு போர்டிங் பாஸ், பெட்டி டேக் சீட்டு, பி.ஐ.ஆர்., விமான நிறுவனக் கடிதமும் 25 பவுண்டு ரசீதும், டெலிவரி சீட்டு, குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், சந்திப்பு அழைப்பு, முறையீட்டு ஏற்புச் சீட்டு, மூன்று மூல பில்கள் (மை மங்கும் தாள் என்பதால் நகலும் சேர்த்து), அட்டைக் கணக்கு அறிக்கை, முத்திரைப் பக்கங்களுடன் பாஸ்போர்ட் நகல், ரத்து செய்த காசோலை.

இப்படிக்கு,
மா. செந்தில்நாதன்