ரீச்சருக்கு: விபுலாநந்தர் பெனருக்கான காலக்கோடு

வணக்கம் ரீச்சர்,

யூலை 19 நினைவு தினத்துக்கு மண்டப வாசலில் வைக்கும் பெனருக்காக நீங்கள் எழுதித் தந்த பந்தியைப் பிரித்து அடுக்கிவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக உங்கள் பந்தியை அப்படியே முதலில் தருகிறேன்.

"1947 யூலை 19 இல் இறைவனடி சேர்ந்த சுவாமி விபுலாநந்தர், 1892 மார்ச் 27 இல் காரைதீவில் மயில்வாகனம் என்னும் இயற்பெயருடன் பிறந்தவர். தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்ற அவர், 1916 இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் துறவு பூண்டு, அடுத்த ஆண்டே இலங்கை திரும்பினார். அவ்வாண்டில் நமது திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது. 1929 இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். யாழ் நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறி ஒன்றரை மாதம் ஆவதற்குள் கண்மூடினார்."

இனி பெனரில் வரப்போவது:

சுவாமி விபுலாநந்தர்
தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்றவர்

1892 │ மார்ச் 27: காரைதீவில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனம்.
│
1916 │ கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார்.
│ மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார்.
│
1920 │ மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார்.
│
1922 │ மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார்.
│
1924 │ துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார்.
│
1925 │ இலங்கை திரும்பினார். திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது.
│
1929 │ மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.
│
1931–33 │ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.
│
1943 │ இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்.
│
1947 │ யூன்: திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது.
│ யூலை 19: இறைவனடி சேர்ந்தார்.

கை வைத்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பந்தி இறப்பில் தொடங்கிப் பிறப்புக்குப் போகிறது. வாசிக்க அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோட்டில் இறப்பு கீழேதான் நிற்க வேண்டும். ஆண்டு இல்லாத ஒரே விபரம், தமிழும் விஞ்ஞானமும் கற்றது. அதை எந்த ஆண்டிலும் கட்ட முடியாது, அதனால் படத்துக்குக் கீழே போட்டேன்.

"நான்கு ஆண்டுகளின் பின்", "அடுத்த ஆண்டே" என்பவற்றைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. முதலில் "அடுத்த ஆண்டே" என்பதை 1922 இலிருந்து எண்ணி, இலங்கை திரும்பியதை 1923 என்று போட்டுவிட்டேன். துறவுக்கு முன்பே சுவாமி ஊர் திரும்பிவிட்டார்! கோட்டில் ஏறிய பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. பந்திக்குள் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெயரிலும் இதே கவனம்: 1924 இல்தான் அவர் விபுலாநந்தர் ஆனார், அதனால் அதற்கு முந்திய வரிகளில் விபுலாநந்தர் என்று எழுதவில்லை.

கோட்டுக்குக் கிடைக்கும் உயரம் 55 அங்குலம், வாழ்ந்ததும் 55 ஆண்டு. ஆண்டுக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். 1892 இற்கும் 1916 இற்கும் இடையில் 24 அங்குலம் வெறுமையாகக் கிடந்தது. 1924, 1925 வரிகளோ ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சரி, வேண்டாம் என்று சம இடைவெளியில் விட்டேன்.

"ஒன்றரை மாதம் ஆவதற்குள்" என்ற உங்கள் சொல் போய்விட்டது, அதுதான் மனவருத்தம். அதை எழுதினால் விளக்கவுரை மாதிரி ஆகிறது. பதிலாக 1947 ஐ ஒருமுறை மட்டும் போட்டு, யூனையும் யூலையையும் அடுத்தடுத்து நெருக்கி வைத்தேன். 1925 வரியை மட்டும் காவி நிறத்தில் அடிக்கலாம் என்று நினைக்கிறேன், நம் ஊர்ப் பிள்ளைகள் தேடுவது அதைத்தான். நிறம் வேண்டாமென்றால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள் ரீச்சர், காலையில் பிரிண்டுக்குப் போகிறது.

உங்கள் பழைய மாணவன்