ஆடித் தள்ளுபடி – ஆடி 1 முதல் ஆடிப்பெருக்கு வரை
ஈரோடு, கடைவீதி | காலை 9 முதல் இரவு 10 வரை | ஞாயிறும் உண்டு

தள்ளுபடி 20%: பட்டு, காட்டன் புடவை எல்லாம்!
விலைக்குறைப்பு: சிவப்புச் சீட்டு ரகங்கள்!
ரிபேட் 10%: சென்னிமலை கைத்தறிப் போர்வை!
சலுகை 5%: மூத்தோர், மாற்றுத்திறனாளிகளுக்கு!
ஆஃபர்: 2 லுங்கிக்கு 1 இலவசம்!

பெயர் ஐந்து, கணக்கும் ஐந்து. பில் போடும் இடத்தில் தகராறு வராமல் இருக்க, வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

தள்ளுபடி பில்லிலேயே கழியும். சீட்டில் உள்ள விலை வரி உட்பட்டது. மேலே ஜிஎஸ்டி கேட்கமாட்டோம். 60 வயதுக்கு மேற்பட்டோரும் மாற்றுத்திறனாளிகளும் அடையாள அட்டை காட்டினால் சலுகையும் சேரும். ஆனால் 20-ம் 5-ம் சேர்ந்து 25 ஆகாது. ரூ.1,000 புடவைக்கு முதலில் ரூ.200 போய் 800. அந்த 800-ல் 5% என்றால் ரூ.40. கட்ட வேண்டியது ரூ.760, அதாவது மொத்தம் 24% குறைவு.

சிவப்புச் சீட்டில் விலையே குறைந்துவிட்டது. அதன்மேல் தள்ளுபடியோ சலுகையோ கிடையாது. ஏன் குறைத்தோம் என்று சீட்டின் மூலையில் எழுத்து இருக்கும்: 'ப' பழைய டிசைன், 'ம' மடிப்புக் கோடு, 'நூ' நூல் பிசிறு. மடிப்புக் கோடு துவைத்தால் பெரும்பாலும் போகும். பட்டில் பழைய மடிப்பு நூல் இற்றுப்போன இடமாகவும் இருக்கலாம், விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். விலையை ஏற்றி வைத்துக் குறைத்தோமா என்று சந்தேகமா? பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன்மேல்தான் ஒட்டியிருக்கிறோம். தூக்கிப் பாருங்கள்.

ரிபேட் பில்லில் கழியாது. முழு விலை கட்டி, ரசீதை இரண்டாம் மாடி கவுண்டரில் அன்றே கொடுத்தால் 10% திரும்பக் கிடைக்கும்: ரூ.850 போர்வைக்கு ரூ.85. ரொக்கமாகக் கட்டினால் ரொக்கம், ஜிபே என்றால் அதே கணக்குக்கு. ரசீது தொலைந்தால் நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

லுங்கி ஆஃபரில் மூன்றில் விலை குறைந்ததுதான் இலவசம். 300, 300, 240 எடுத்தால் ரூ.600. பிறகு ஒரு 300 லுங்கியைத் திருப்பினால் ஆஃபர் கலைந்துவிடும்; மீதி இரண்டுக்கு 540 போக, கையில் வருவது ரூ.60 மட்டுமே. அளவு மாற்றிக்கொள்வதென்றால் ஆஃபர் கெடாது.

மாற்ற 7 நாள், பில்லும் சீட்டும் வேண்டும். வெட்டிய மீட்டர் துணி, ஃபால்ஸ் வைத்த புடவை மாற்ற இயலாது.