செந்தூல் கிளினிக்கிற்கு வந்துசெல்வோரின் கருத்துக் கேட்கும் வினாத்தாள்

கோலாலம்பூர், செந்தூல். 2026 ஜூலை 6 முதல் ஜூலை 25 வரை, சனிக்கிழமை உட்பட, காலை, மாலை, இரவு என எல்லா வேளைகளிலும் வழங்கப்படுகிறது.

நிரப்புவதற்கு முன்

இன்று எங்கள் கிளினிக்கில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை அறியவே இந்தத் தாளைத் தருகிறோம். எங்களைப் பாராட்ட வேண்டும் என்றோ, குறை கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றோ நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி குறித்தால் போதும். முன்பு வந்தபோது நேர்ந்தவற்றையும் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் சேர்க்காமல், இன்றைய வருகையை மட்டும் மனத்தில் வைத்து விடை தாருங்கள். நிரப்புவது உங்கள் விருப்பம்; நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் உங்களுக்கான சிகிச்சையிலும் கட்டணத்திலும் எந்த மாற்றமும் இராது. இதற்காகப் பரிசோ கழிவோ தருவதில்லை, ஏனென்றால் அப்படி எதையாவது கொடுத்தால் மனத்தில் உள்ளதைச் சொல்லத் தயக்கம் வரும்.

உங்கள் பெயர், மைகார்டு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை எங்கும் எழுத வேண்டாம். நிரப்பிய தாளைக் கூட வரும் உறையில் இட்டு ஒட்டி, வாசலருகே உள்ள பூட்டிய பெட்டியில் போடலாம். வீட்டில் நிரப்பி அடுத்த முறை வரும்போதும் போடலாம். பெட்டியின் சாவி கிளினிக் நிர்வாகியிடம் மட்டுமே இருக்கும். உங்களைப் பார்த்த மருத்துவரோ கவுண்டரில் இருப்பவரோ உங்கள் கையெழுத்தைக் காணமாட்டார்கள்; நீங்கள் எழுதும் கருத்துகள் தட்டச்சு செய்யப்பட்ட பிறகே அவர்களிடம் செல்லும்.

இது புகார் மனு அல்ல. பதில் வேண்டிய புகார் இருந்தால் நிர்வாகியை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். எங்களிடம் சொல்ல விருப்பம் இல்லையென்றால், சுகாதார அமைச்சில் தனியார் கிளினிக்குகளைக் கண்காணிக்கும் பிரிவிடமோ, மருத்துவரின் நடத்தை பற்றியதானால் மலேசிய மருத்துவ மன்றத்திடமோ எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு.

நீங்களும் இன்றைய வருகையும்

1. இந்தத் தாளை நிரப்புபவர் யார்?
☐ சிகிச்சை பெற்றவர் ☐ சிகிச்சை பெற்ற குழந்தையின் பெற்றோர் ☐ உடன் வந்த வேறு ஒருவர், சிகிச்சை பெற்றவரைக் கேட்டு நிரப்புகிறார் ☐ உடன் வந்த வேறு ஒருவர், தாமாகவே நிரப்புகிறார்

2. இன்று வந்த வேளை எது?
☐ காலை ☐ மாலை ☐ இரவு

எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு வேளைக்குப் பத்துத் தாள்களுக்குக் குறைவாகக் கிடைத்தால், அந்த வேளையின் விடைகளைத் தனியே பிரித்துப் பார்க்கவும் மாட்டோம்.

3. இன்றைய கட்டணத்தைச் செலுத்துவது யார்? ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் குறிக்கலாம்.
☐ நானே அல்லது என் குடும்பத்தார் ☐ வேலை செய்யும் நிறுவனம் ☐ காப்புறுதி ☐ அரசாங்கத் திட்டம் ☐ தெரியவில்லை

காத்திருந்த நேரம்

4. கவுண்டரில் பதிவு செய்ததிலிருந்து மருத்துவரின் அறைக்குள் அழைக்கப்படும் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று?
☐ 15 நிமிடம் அல்லது அதற்குக் குறைவு ☐ 16 முதல் 30 நிமிடம் ☐ 31 முதல் 60 நிமிடம் ☐ 60 நிமிடத்துக்கு மேல் ☐ நினைவில்லை

5. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?
☐ நான் கேட்காமலே சொன்னார்கள் ☐ நான் கேட்ட பிறகு சொன்னார்கள் ☐ கேட்டும் சொல்லவில்லை ☐ நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை ☐ நினைவில்லை

6. எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கவுண்டரில் பேசியபோது, அந்தப் பேச்சு அருகில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமா?
☐ கேட்டிருக்கும், அது எனக்குச் சங்கடமாக இருந்தது ☐ கேட்டிருக்கும், அதனால் எனக்குச் சங்கடம் இல்லை ☐ கேட்டிருக்காது ☐ கவுண்டரில் அது பற்றிப் பேசவில்லை ☐ சொல்லத் தெரியவில்லை

மருத்துவருடன் பேசியது

இந்தப் பகுதிதான் எங்களுக்கு மிகவும் முக்கியமானது. "மருத்துவர் நன்றாகப் பேசினாரா" என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதை கருதி ஆம் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் திருத்த முடியாது. ஆகையால் அறைக்குள் என்ன நடந்தது, எது விடுபட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம்.

7. மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவற்றில் எவ்வளவைச் சொன்னீர்கள்?
☐ எல்லாவற்றையும் ☐ பாதிக்கு மேல் ☐ பாதி அல்லது அதற்குக் குறைவாக ☐ எதையும் சொல்லவில்லை

8. சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், அதற்குக் காரணம் என்ன? பொருந்துகிற எல்லாவற்றையும் குறியுங்கள். எதுவும் விடுபடவில்லை என்றால் அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.
☐ நேரம் போதவில்லை ☐ மறந்துவிட்டேன் ☐ சொல்லக் கூச்சமாக இருந்தது ☐ அறையில் வேறு ஒருவர் இருந்தார் ☐ மொழி இடையூறாக இருந்தது ☐ பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் ☐ வேறு காரணம், பின்பக்கத்தில் எழுதியுள்ளேன்

9. மருத்துவர் உங்களிடம் எந்த மொழியில் பேசினார்? கலந்து பேசியிருந்தால் அவை எல்லாவற்றையும் குறியுங்கள்.
☐ தமிழ் ☐ மலாய் ☐ ஆங்கிலம் ☐ சீனம் ☐ வேறு மொழி

10. உடல்நிலையைப் பற்றிப் பேச உங்களுக்கு எளிதான மொழி எது? ஒன்றை மட்டும் குறியுங்கள்.
☐ தமிழ் ☐ மலாய் ☐ ஆங்கிலம் ☐ சீனம் ☐ வேறு மொழி

11. மருத்துவர் சொன்னதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்களா?
☐ தேவைப்படவில்லை ☐ தாதி அல்லது கிளினிக் ஊழியர் சொன்னார் ☐ உடன் வந்த பெரியவர் சொன்னார் ☐ உடன் வந்த 18 வயதுக்குட்பட்டவர் சொன்னார் ☐ தேவைப்பட்டது, ஆனால் யாரும் இல்லை

பாட்டியின் நோயைப் பள்ளிப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எத்தனை முறை வருகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். அழைத்து வந்த குடும்பத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை; ஊழியர்களின் வேலை நேரத்தை அதற்கேற்ப அமைக்கவே கேட்கிறோம்.

12. நீங்கள் சாப்பிடும் வேறு மருந்துகளைப் பற்றி இன்று யாராவது கேட்டார்களா? மருத்துவமனையிலோ வேறு கிளினிக்கிலோ வாங்கும் மருந்து, நாட்டு மருந்து, சித்த மருந்து, கடையில் வாங்கும் சத்து மாத்திரை எல்லாம் இதில் அடங்கும்.
☐ எல்லாவற்றையும் பற்றிக் கேட்டார்கள் ☐ சிலவற்றைப் பற்றிக் கேட்டார்கள் ☐ கேட்கவில்லை ☐ நினைவில்லை

13. உடல்நிலை சரியாகாவிட்டாலோ மோசமானாலோ என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களா?
☐ சொன்னார்கள், எனக்குப் புரிந்தது ☐ சொன்னார்கள், எனக்கு முழுவதும் புரியவில்லை ☐ சொல்லவில்லை ☐ நினைவில்லை ☐ இன்றைய வருகைக்கு இது பொருந்தாது

14. இன்று எம்.சி. கேட்டீர்களா?
☐ கேட்கவில்லை ☐ கேட்டேன், கேட்டபடி கிடைத்தது ☐ கேட்டேன், குறைவான நாளுக்குக் கிடைத்தது ☐ கேட்டேன், கிடைக்கவில்லை

15. கேட்டபடி கிடைக்காதவர்களுக்கு மட்டும்: அதற்கான காரணத்தை மருத்துவர் சொன்னாரா?
☐ சொன்னார் ☐ சொல்லவில்லை ☐ நினைவில்லை

எம்.சி. தருவதும் மறுப்பதும் மருத்துவரின் முடிவு. அதை வினாத்தாள் மூலம் மாற்ற முடியாது. ஆனால் அது கிடைக்காத வருத்தம் மற்ற விடைகளிலும் கலந்துவிடக்கூடும் என்பதால், அதைத் தனியாகச் சொல்ல இங்கே இடம் தந்திருக்கிறோம்.

மருந்தும் கட்டணமும்

16. மருந்து கொடுத்தபோது கீழ்க்கண்டவற்றில் எவற்றைச் சொன்னார்கள்? சொன்னவற்றை மட்டும் குறியுங்கள்.
☐ எந்த மருந்து எதற்கு ☐ ஒரு நாளைக்கு எத்தனை முறை ☐ சாப்பாட்டுக்கு முன்பா பின்பா ☐ எத்தனை நாள்களுக்கு ☐ என்ன பக்கவிளைவு வரலாம் ☐ இவற்றில் எதையும் சொல்லவில்லை ☐ இன்று மருந்து வாங்கவில்லை

17. மருந்துப் பையில் எழுதியிருப்பதை, வேறு யாருடைய உதவியும் இல்லாமல் உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா? முடிந்தால் பையை இப்போது கையில் எடுத்துப் பார்த்து விடை தாருங்கள்.
☐ முழுவதும் முடிகிறது ☐ ஓரளவு முடிகிறது ☐ முடியவில்லை, எழுத்து சிறியது அல்லது தெளிவில்லை ☐ முடியவில்லை, மொழி தெரியாது ☐ இன்று மருந்து வாங்கவில்லை

18. தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை 2025 மே 1 முதல் நடப்பில் உள்ளது. எங்கள் விலைப்பட்டியலை இன்று பார்த்தீர்களா?
☐ பார்த்தேன், தேடியது கிடைத்தது ☐ பார்த்தேன், தேடியது கிடைக்கவில்லை ☐ அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை ☐ பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை

19. மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது?
☐ மருந்தைத் தயார் செய்வதற்கு முன் ☐ மருந்து தயாரான பிறகு, பணம் கேட்டபோது ☐ பணம் கட்டிய பிறகு ரசீதில் பார்த்தபோது ☐ நான் கட்டணம் செலுத்தவில்லை ☐ நினைவில்லை

இடம்

20. இன்று பின்வருவனவற்றில் எதிலாவது சிரமம் இருந்ததா? எதிலும் இல்லையென்றால் கடைசிக் கட்டத்தைக் குறியுங்கள்.
☐ வாசல் படி ☐ உட்காரும் இடம் ☐ கழிவறை ☐ கார் அல்லது மோட்டார் சைக்கிள் நிறுத்துவது ☐ எண் அழைப்பது காதில் விழுவது ☐ எதிலும் சிரமம் இல்லை

மொத்தத்தில்

21. இன்றைய வருகையை மொத்தமாக எண்ணிப் பார்த்தால், அது உங்களுக்கு எப்படி இருந்தது?
☐ மிகவும் திருப்தி ☐ ஓரளவு திருப்தி ☐ திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை ☐ ஓரளவு அதிருப்தி ☐ மிகவும் அதிருப்தி

22. இங்கே மாறாமல் இருக்க வேண்டியது என்று எதையாவது கருதுகிறீர்களா? இருந்தால் பின்பக்கத்தின் மேல்பாதியில் எழுதுங்கள்.

23. இங்கே மாற வேண்டியது என்று எதையாவது கருதுகிறீர்களா? இருந்தால் பின்பக்கத்தின் கீழ்பாதியில் எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு இடம் விட்டிருக்கிறோம். எந்த மொழியிலும் எழுதலாம். பேச்சுவழக்கில் எழுதினாலும் சரியே.

விடைகளின் தொகுப்பும், அவற்றைக் கொண்டு நாங்கள் செய்யப்போகும் மாற்றங்களும், செய்ய இயலாதவையும் அதற்கான காரணங்களும் 2026 ஆகஸ்டு 15-க்குள் காத்திருப்போர் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

தாளை வழங்கும் ஊழியர்களுக்கு (இந்தப் பக்கம் நோயாளிகளுக்கு உரியதன்று)

மருந்து வாங்கிக்கொண்டு புறப்படும் எல்லோருக்கும் தாளைக் கொடுங்கள். சிரித்த முகத்துடன் செல்பவருக்கு மட்டும் கொடுத்து, கோபமாகச் செல்பவரை விட்டுவிட்டால், நமக்கு மிகவும் தேவைப்படும் விடைகளே கிடைக்காமல் போய்விடும். கடும் வலியிலோ துயரத்திலோ இருப்பவரை மட்டும் தொந்தரவு செய்ய வேண்டாம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். ஆனால் எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை மட்டும் கவுண்டர் நோட்டில் கோடிட்டுக் கணக்கு வையுங்கள்.

கொடுக்கும்போது, "இன்று நடந்ததை அறிய இந்தத் தாள், விருப்பம் இருந்தால் நிரப்பலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "நல்லா போடுங்கம்மா", "நம்ம டாக்டருக்காகக் கொஞ்சம்" போன்ற சொற்களை அன்பினால் சொன்னாலும், அவை விடையை ஒரு பக்கம் சாய்த்துவிடும். கொடுத்த பின் அருகில் நிற்காதீர்கள்.

படிக்க இயலாத பெரியவர் உதவி கேட்டால், அன்று அவருடைய சிகிச்சையில் பங்கெடுக்காத ஊழியர் ஒருவர், பிறர் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். வினாவையும் எல்லா விடைகளையும் எழுதியபடியே, ஒரே குரலில் படியுங்கள். அவர் முதல் விடையைக் கேட்டதும் தலையசைத்தாலும் மீதியையும் படித்து முடித்த பிறகே குறியுங்கள். வினா புரியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள், உங்கள் சொந்தச் சொற்களில் விளக்காதீர்கள். அப்படியும் புரியாவிட்டால் அதை விடையின்றி விட்டுவிட்டு, ஓரத்தில் "வினா புரியவில்லை" என்று எழுதுங்கள். ஒரே வினாவுக்கு அந்தக் குறிப்பு பல தாள்களில் வந்தால், அடுத்த முறை அச்சடிக்கும் முன் அதன் வாசகத்தை மாற்றுவோம்.