18-ஆம் தேதி அசெஸ்மெண்ட் சென்டர்: முடிவும் ஃபீட்பேக்கும் இன்னும் வரவில்லை

வணக்கம் மேடம்,

கடந்த மாதம் 18-ஆம் தேதி உங்கள் அலுவலகத்தில் நடந்த அசெஸ்மெண்ட் சென்டருக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பித்தவள், பேட்ஜ் எண் 9. சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது, "தேர்வானாலும் ஆகாவிட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் மெயில் வரும், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஃபீட்பேக்கும் தருவோம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கெடு போன வாரமே முடிந்துவிட்டது. தேர்வுக் குழுவின் பொது முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்தேன், "உங்கள் மெயில் கிடைத்தது" என்ற தானியங்கிப் பதிலோடு சரி. அதனால்தான் நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்வி. முடிவு எடுத்தாகிவிட்டதா, இல்லையா? எனக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களை நெருக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களிடம் வேலை கிடைத்தால் இங்கேதான் வருவேன், அதனால்தான் அவர்களைக் காக்க வைத்திருக்கிறேன். நான் தேர்வாகவில்லை என்றால் அதை இன்றைக்கே சொன்னாலும் நல்லதுதான், தயங்க வேண்டாம். இன்னும் முடிவாகவில்லை என்றால் எப்போது ஆகும் என்று ஒரு தேதி மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது ஃபீட்பேக். மதிப்பீட்டாளர்கள் அன்றைக்கே உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிட்டுப் பேசுவார்கள் என்று நீங்கள் காலையிலேயே சொன்னீர்கள், நாங்கள் கிளம்பும்போது அவர்கள் தாள்களோடு ஒரே அறைக்குள் போனதையும் பார்த்தேன். அதனால் புதிதாக யாரும் எதுவும் எழுத வேண்டியிருக்காது, இருக்கிற குறிப்பிலிருந்து இரண்டு விஷயம் சொன்னால் போதும்.

ஒன்று, குரூப் டாஸ்க். ஆறு பேர், ஆளுக்கொரு கிளை, எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே பட்ஜெட், 40 நிமிடம். பாதி நேரம் போன பிறகும் முதல் கிளையிலேயே இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் போர்டில் மூன்று கட்டம் போட்டேன்: எவ்வளவு செலவு, எத்தனை வாடிக்கையாளருக்குப் பயன், அடுத்த காலாண்டு வரை தள்ளிப்போடலாமா. அதன் பிறகுதான் பேச்சு நகர்ந்தது, நேரத்துக்குள் முடிவும் வந்தது. ஆனால் அந்தக் கணக்குப்படி என் கிளைக்குக் கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை, நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன். இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? குழுவை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்ததாகவா, கொடுத்த பொறுப்பை விட்டுக்கொடுத்ததாகவா? அந்த டாஸ்க்கில் எந்தத் திறனைப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை (சொல்லாமல் விடுவதன் நோக்கமும் புரிகிறது), ஆனால் வாதத்திறனைப் பார்த்திருந்தால் ஒரு மதிப்பெண், கூட்டாக வேலை செய்வதைப் பார்த்திருந்தால் வேறு மதிப்பெண், இல்லையா?

இரண்டாவது ரோல் பிளே. அடிக்கடி தாமதமாக வரும் ஊழியராக அந்த நடிகர் பிரமாதமாக நடித்தார், சில நொடியில் நடிப்பு என்பதே மறந்துவிட்டது. "வீட்டில் ஏதாவது சிரமமா?" என்று கேட்டேன். "அது என் சொந்த விஷயம் மேடம்" என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரி என்று அதை விட்டுவிட்டு, ஷிஃப்ட் நேரத்தை மாற்றினால் உதவுமா என்று கேட்டு அந்த வழியில் போனேன். மூலையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மதிப்பீட்டாளரின் பேனா அந்த இடத்தில் நின்றது, அது ஏன் என்றுதான் இன்றுவரை மண்டையைக் குடைகிறது. மறுபடி கேட்டவர்களிடம் அந்த நடிகர் காரணத்தைச் சொன்னாராம், மற்ற பங்கேற்பாளர்கள் பேசிக்கொண்டார்கள். இருந்தாலும், வேண்டாம் என்று சொன்ன ஒருவரைத் தோண்டாமல் விட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். மதிப்பீட்டாளர் வேறு மாதிரி நினைத்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் டீம் லீடராகப் போனாலும் இதே பேச்சு நிஜமாகவே வரும்.

கேஸ் ஸ்டடி, இன்-ட்ரே இரண்டுக்கும் மதிப்பெண் மட்டும் சொன்னால் போதும்.

எழுத நேரமில்லை என்றால் போனில் பத்து நிமிடம் பேசினாலும் சரி, தினமும் மாலை 4 மணிக்கு மேல் எடுப்பேன், விண்ணப்பத்தில் கொடுத்த அதே நம்பர்தான். பணி நியமனம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபீட்பேக் தர முடியும் என்பது உங்கள் விதி என்றால் ஃபீட்பேக்குக்குக் காத்திருக்கிறேன், முடிவை மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

நன்றி,
மதுமிதா
பேட்ஜ் எண் 9, டீம் லீடர் பணி