சித்தி, சித்தப்பா, நிலா, ஆதி, உங்க நாலு பேருக்கும்

அன்புள்ள சித்தி, சித்தப்பா,

நாங்க நல்லபடியா வந்து சேந்தோம்னு அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன், ஆனா போன்ல பேசுறப்ப எப்பவும் நாலு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம், சொல்ல வந்தது பாதியிலயே நின்னுடும். அதனாலதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா ரெண்டு பேரும் சேந்து படிங்க.

முதல்ல அம்மாவப் பத்தி. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா எப்படி இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா கூடவே இருந்து பாத்தவ நான். வாசல தாண்ட மாட்டாங்க, யாராவது வந்தா உள்ள போயிடுவாங்க, பக்கத்துல எங்கயாவது போகணும்னாலும் என் கைய பிடிச்சுக்கணும். சித்தி நீங்க டிக்கெட்ட போட்டுட்டு "அக்காவ கூட்டிட்டு வா, மத்தத நான் பாத்துக்குறேன்"னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், அவ்ளோ தூரம் வந்து குளிர்ல ரூமுக்குள்ளயே உக்காந்துட்டா என்ன பண்றதுன்னு. வந்த புதுசுல அப்படித்தான் இருந்துச்சு, இல்ல? ஜூலை மாசம், சாயங்காலம் அஞ்சு மணி தாண்டினா இருட்டிடுது, அம்மா ஹால்ல தரையில இருக்குற ஹீட்டர் ஓட்டைக்குப் பக்கத்துல போர்வைய போத்திக்கிட்டு அசையாம இருப்பாங்க.

அப்ப நீங்க ஒண்ணுமே அவசரப்படுத்தல, அதத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் நினைச்சு நினைச்சு பாக்குறேன். அங்க ராத்திரி ரெண்டு மணின்னா இங்க ஒன்பதரைதான், அம்மாவுக்கு தூக்கமே வராது. மறுநாள் உங்களுக்கு வேலை இருக்கும், ஆனாலும் எந்திரிச்சு வந்து அம்மா பக்கத்துல படுத்துக்கிட்டு சின்ன வயசுக் கதையெல்லாம் பேசிட்டு இருப்பீங்க. பக்கத்து ரூம்ல எனக்கு எல்லாம் கேக்கும். அம்மா சிரிச்சத ரொம்ப நாள் கழிச்சு அங்கதான் கேட்டேன் சித்தி. கதவ தொறந்து வந்து பாக்கணும்னு இருந்துச்சு, அக்கா தங்கச்சி பேச்சு கலைஞ்சிடும்னு அப்படியே படுத்துட்டேன்.

சித்தப்பா, பாத்ரூம்ல நீங்க மாட்டி வச்சிருந்த கைப்பிடி முதல்லயே அங்க இருந்ததுன்னுதான் நினைச்சேன். அம்மா முழங்கால் வலிக்காக நாங்க வர்றதுக்கு முன்னாடி நீங்களே வாங்கிட்டு வந்து மாட்டினதுன்னு நிலா சொல்லித்தான் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அதே மாதிரி அந்த டிராம் பேப்பர். 75ஆம் நம்பர் டிராம், எந்த ஸ்டாப்ல ஏறணும், எந்த ஸ்டாப்ல இறங்கணும், மைக்கி கார்ட எங்க காட்டணும், வழி தப்பினா யாருக்கு போன் பண்ணணும், எல்லாத்தையும் தமிழ்ல பெரிய பெரிய எழுத்தா எழுதி அம்மா பர்ஸ்குள்ள வச்சீங்களே. மூணு தடவ கூடவே போயிட்டு நாலாவது தடவ பின் சீட்ல தள்ளி உக்காந்து அம்மா தானா இறங்குறாங்களான்னு பாத்தீங்க. அதுக்கு அடுத்த தடவ அம்மா தனியா போனாங்க! லைப்ரரிக்குப் போயி புஸ்தகம் எடுத்துக்கிட்டு தனியா திரும்பி வந்து, வாசல்ல நின்னு கார்ட ஆட்டிக் காட்டினாங்களே, அந்த முகம் எனக்கு எப்பவும் மறக்காது. அன்னிக்கு உங்க கண்ணும் கலங்குச்சு, நான் பாத்தேன்.

ஊர் சுத்தினதுல எல்லாமே நல்லா இருந்துச்சு, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது பிலிப் தீவுல பென்குயின் பாத்ததுதான். போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொன்னப்ப எனக்கு கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு, இப்ப யோசிச்சா அதுதான் நல்லதுன்னு தோணுது, யாரும் போன தூக்கல, எல்லாரும் கடலயே பாத்துட்டு இருந்தோம். அந்த குட்டிங்க கும்பலா கரைக்கு வந்து, நின்னு யோசிச்சு, பயந்து மறுபடி தண்ணிக்குள்ள ஓடி, அப்புறம் ஒரேயடியா மேல ஏறி வந்துச்சுங்களே, அம்மா என் காதுல "பள்ளிக்கூடம் விட்ட பசங்க மாதிரியே இருக்குடி"ன்னு சொன்னாங்க. சித்தியோட ஜாக்கெட்டுக்குள்ள கை விரல் கூட தெரியாம அம்மா உக்காந்திருந்தது எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது. கிளம்புறப்ப ஆதி பார்க்கிங்ல முட்டி போட்டு நம்ம கார் அடியில பென்குயின் இருக்கான்னு பாத்தான், அதோட விடாம பக்கத்து கார் அடியிலயும் பாத்தான். ரொம்ப நல்ல மனசு அவனுக்கு, அத அப்படியே வளர விடுங்க.

கிரேட் ஓஷன் ரோட்டுல சித்தப்பா வண்டி ஓட்டிக்கிட்டே சொன்னீங்க, முதல் உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்த சிப்பாய்ங்க 1919ல ஆரம்பிச்சு 1932 வரைக்கும் போட்ட ரோடு, செத்துப்போன கூட்டாளிங்க நினைவா போட்டதுன்னு. அதுவரைக்கும் பேசிட்டே வந்த அம்மா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அந்த மர வளைவு கிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னாங்க. அப்பாவப் பத்தி எங்க எல்லாரு கிட்டயும் வாய் விட்டு பேசினது அன்னிக்கு திரும்பி வர்ற வழியிலதான். நீங்க ரேடியோவ அணைச்சிட்டு மெதுவா ஓட்டினீங்க. அதுக்கும் நன்றி சித்தப்பா.

பஃபிங் பில்லி ரயில் பத்தி எழுதணும்னா பக்கம் பத்தாது. மரப்பாலத்து மேல போறப்ப நிலா கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு.

நிலா, நீ உன் ரூம எனக்குக் குடுத்துட்டு ஆதி ரூம்ல மெத்தை போட்டு படுத்துக்கிட்ட, ஒரு நாள் கூட முகம் சுளிக்கல. பரீட்சை நேரத்துல கூட உன் மேஜைய எனக்கு விட்டுட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து படிச்ச. நீ செஞ்சது பெரிய விஷயம்டா, சின்னதா நினைக்காத. ஆதி, செப்டம்பர் வந்ததும் மேக்பை தலையில கொத்தும்னு உன் ஹெல்மெட்ல முள்ளு முள்ளா ஜிப் டை மாட்டினியே, அந்த போட்டோவ இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். பெரியம்மா தினமும் ஜன்னல்கிட்ட நின்னு பேசுன மேக்பை இன்னும் வருதான்னு பாத்து சொல்லு, தினமும் கேக்குறாங்க.

இப்ப அம்மா எப்படி இருக்காங்கன்னு சொல்லியாகணும். வந்து ஒரு வாரம் கூட ஆகல, நேத்து காலையில செருப்ப மாட்டிக்கிட்டு "லைப்ரரி வரைக்கும் போயிட்டு வரேன்"னு சொன்னாங்க. நானும் வரேன்னு எந்திரிச்சேன், வேண்டாம்னுட்டு அவங்களே பஸ் ஏறி போயிட்டு வந்தாங்க. டாக்டர், மாத்திரை, என் பேச்சு எதாலயும் நடக்காதது உங்க வீட்டுல நடந்திருக்கு சித்தி. நன்றின்னு ஒரு வார்த்தையில எப்படி சொல்றதுன்னு தெரியல, ஆனா சொல்லாம இருக்கவும் முடியல.

அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நீங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவீங்க, அதுக்கப்புறம் நமக்கு அஞ்சரை மணி நேர வித்தியாசம். அதனால சனிக்கிழமை போன் நேரத்த மாத்திக்கலாம், இங்க மதியம் மூணு மணி, உங்களுக்கு ராத்திரி எட்டரை, சரியா இருக்குமான்னு சொல்லுங்க. அம்மா இப்பவே மதியத் தூக்கத்த அதுக்கேத்த மாதிரி மாத்திட்டாங்க. அடுத்த தடவ நீங்க நாலு பேரும் இங்க வரணும், பசங்க லீவு தேதி தெரிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, என் லீவ நான் முன்னாடியே சொல்லி வாங்கி வைக்கணும்.

நிறைய அன்போட,
தேன்மொழி

பி.கு: சித்தியோட நீல ஜாக்கெட் எங்க பெட்டியில வந்துடுச்சுன்னு தேடாதீங்க, வந்ததுதான், அம்மா தரமாட்டேங்குறாங்க, நீங்கதான் போட்டு விட்டீங்களாம்.